வியாழனுக்குள் கிடைக்கும்

கடையின் இணையப் பக்கத்தில் தினமும் இருபது முப்பது கேள்விகள் வரும். மூடி தகரமா பிளாஸ்டிக்கா, ஸ்பூன் உள்ளேயே இருக்குமா, இரண்டு டின் வாங்கினால் ஏதாவது குறைப்பீர்களா. அக்கா இடது கையில் டீயை வைத்துக்கொண்டு வலது கையால் பதில் தட்டிவிடுவாள். புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு வந்த கேள்வியும் பார்வைக்குச் சாதுவாகத்தான் இருந்தது.

"நாளைக்கு எத்தனை மணிக்கு வரும்? இருக்கிற மாவு இன்னைக்கு ராத்திரியோட சரி. பாதி டின்ல தண்ணி பட்டுடுச்சு. காலைல ஏழு மணிக்குக் குழந்தைக்குக் கலக்கணும். வேற பால் எதுவும் குடுக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்."

'காலையிலேயே வந்துவிடும் சார்' என்று தட்டப் போனவள், எதற்கும் இருக்கட்டும் என்று பார்சல் எண்ணைக் கூரியர் கம்பெனியின் பக்கத்தில் போட்டுப் பார்த்தாள். 'வழியில் உள்ளது. எதிர்பார்க்கும் நாள்: வெள்ளி.' கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். வெள்ளிதான்.

டீயைக் கீழே வைத்தாள்.

செருப்புக் கடைக்கு மேலே இரண்டு அறை. முன்னறையில் அக்காவும் அவள் கம்ப்யூட்டரும். பின்னறையில் தம்பியும் அவன் அட்டைப்பெட்டிகளும். அவர்கள் விற்பது ஒரே ஒரு வகைச் சரக்கு. பிறக்கும்போதே சில குழந்தைகளின் உடம்புக்குப் பாலில் உள்ள சத்தில் ஒரு பகுதியைச் செரித்து வெளியேற்றத் தெரியாது. அது ரத்தத்தில் தேங்கி நஞ்சாகிவிடும். தாய்ப்பாலே அளந்துதான் கொடுக்க வேண்டும், சில குழந்தைகளுக்கு அதுவும் கூடாது. அந்தப் பகுதியை நீக்கிச் செய்த மாவு டின்னில் வரும். பெரிய ஊர்களில் நாலைந்து இடத்தில் கிடைக்கும், மற்ற இடங்களில் கிடைக்காது. அதனால்தான் இந்தக் கடை ஓடியது.

இதை விற்பதற்கு முன் அக்கா ஆறு வருஷம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் மருந்துக் கிடங்கில் வேலை பார்த்தவள். மாவு தீர்ந்துபோய்க் கொண்டுவரப்பட்ட குழந்தைகளை அவள் பார்த்திருக்கிறாள். முதல் நாள் அழும். இரண்டாம் நாள் அழாது. அந்த அழாத குழந்தையைத்தான் டாக்டர்கள் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். பிழைத்தாலும் மூளையில் என்ன மிச்சமிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. இது தெரியாத ஒருத்தி அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் 'தாமதத்திற்கு வருந்துகிறோம்' என்று எழுதிவிட்டு டீயைக் குடித்து முடித்திருப்பாள். அக்காவுக்குத் தெரியும். 

கூரியர் கம்பெனி மாதா மாதம் அனுப்பும் பின்கோடு பட்டியலைத் திறந்தாள். பல்லாயிரம் வரிகள். கேள்வி கேட்டிருந்த அப்பாவின் பின்கோடைத் தேடினாள். 'டெலிவரி உண்டு' என்ற கட்டத்தில் 'ஆம்' என்று இருந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டவள், பட்டியலை வலது பக்கம் நகர்த்தினாள். அவள் இதுவரை நகர்த்தியே பார்க்காத பக்கம் அது. கடைசிக்கு முந்தின கட்டத்தில் 'டெலிவரி நாட்கள்: செவ்வாய், வெள்ளி' என்றிருந்தது.

மலைமேல் இருக்கும் அந்த ஊருக்கு வண்டி வாரத்தில் இரண்டு நாள்தான் ஏறும். இந்தப் பட்டியல் ஏழு மாதமாக வந்து வந்து அக்காவின் கம்ப்யூட்டரில் சும்மா கிடந்தது.

ஏழு மாதத்துக்கு முன்னால், விற்பனைப் பக்கத்தில் ஒவ்வொரு ஊருக்கும் 'இந்த நாளுக்குள் கிடைக்கும்' என்று தேதி காட்ட வேண்டும் என்று முடிவானபோது, அக்கா ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தாள். பின்கோடில் முதல் மூன்று எண் ஒன்றாக இருந்தால் எல்லாம் ஒரே வட்டாரம். வட்டாரத்துக்கு ஒரு பெரிய ஊர், அங்கே கூரியரின் ஹப், அதாவது பார்சல்கள் வந்து இறங்கிப் பிரியும் கிடங்கு. அந்த ஹப் ஊருக்கு எத்தனை நாள் ஆகிறதோ, அதோடு ஒரு நாளைக் கூட்டி வட்டாரம் முழுக்கப் போட்டுவிட்டாள். "ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்டா" என்று தம்பியிடம் பீற்றிக்கொண்டது வேறு. இந்த வட்டாரத்தில் நாற்பத்தொரு பின்கோடு. அவள் பதம் பார்த்தது ஒன்றே ஒன்று. மற்ற நாற்பதில் எது வெந்தது, எது வேகவில்லை என்று யாருக்குத் தெரியும்?

"டேய், இங்க வா."

தம்பி கையில் டேப்போடு வந்தான். முப்பது வயது, நல்ல உழைப்பாளி, வாயைத் திறந்தால் மட்டும் வினை. அக்கா திரையைக் காட்டினாள்.

"இது திங்கக்கிழமை ஆர்டர். மூணு மணி பத்து நிமிஷத்துக்கு வந்திருக்கு. நாலு மணிக்குள்ள வந்தா அன்னைக்கே போகும்னுதான நம்ம விற்பனைப் பக்கத்துல போட்டிருக்கோம். ஏன் செவ்வாய்க்கிழமை கிளம்பியிருக்கு?"

"மூணு பத்துக்கா? அதெப்படிக்கா போகும்? வண்டி ரெண்டரைக்கே போயிடுதே."

"எந்த வண்டி?"

"நம்ம அலாரம்தான். போன வாரத்துலேர்ந்து ரூட் மாத்திட்டாங்களாம். முன்னாடி நாலரைக்கு வருவான், இப்ப ரெண்டரைக்கு நம்மளத்தான் முதல்ல எடுக்குறான். நானும் அதுக்கேத்த மாதிரி காலைலயே கட்ட ஆரம்பிச்சுட்டேனே. நீ பாக்கலையா?"

அலாரம் என்பது பார்சல் எடுக்க வரும் ஓட்டுநருக்கு அவர்கள் வைத்த பெயர். கடிகாரம் தப்பினாலும் தப்பும், அவன் ஹாரன் தப்பாது. அந்த ஹாரன் இரண்டு மணி நேரம் முன்னதாக அடிக்க ஆரம்பித்து எட்டு நாள் ஆகியிருந்தது. பின்னறைக்குத் தெரிந்திருந்தது. முன்னறையிலும் காது கேட்டுக்கொண்டுதான் இருந்தது. ஆனால் விற்பனைப் பக்கத்தில் போட்ட 'நாலு மணி' அப்படியே இருந்தது.

"ஏண்டா சொல்லல?"

"வண்டி நேரம் என்னோட வேலைன்னு நெனச்சேன். அது உன் பக்கத்துல போய் நிக்கும்னு எனக்கென்ன தெரியும்?"

அக்காவுக்கு அவனை அறைய வேண்டும்போல இருந்தது. தன்னையும்தான். அவன் தப்பில் ஒரு நாள் போனது. அவள் பார்க்காமல் விட்டது பின்கோடின் கடைசி மூன்று எண். திங்கள்கிழமையே கிளம்பியிருந்தாலும் பார்சல் செவ்வாய் சாயங்காலம்தான் ஹப்பைச் சேர்ந்திருக்கும், காலையில் மேலே போகும் வண்டி அதற்குள் போயிருக்கும், வெள்ளிதான் அடுத்தது. என்ன, அந்த ஒரு நாள் கையில் இருந்திருந்தால் அந்த அப்பா நிதானமாக ஹப்புக்குப் போய் வாங்கியிருக்கலாம். இப்போது பார்சல் எங்கோ நெடுஞ்சாலையில் ஒரு லாரிக்குள் இருக்கிறது. சாயங்காலம் ஐந்துக்கு ஹப்பைச் சேரும் என்று போட்டிருந்தது.

தம்பி குரலைத் தாழ்த்தினான். "அக்கா, நான் ஒண்ணு சொல்லட்டுமா? நாம ஒண்ணும் சொல்ல வேணாம். கூரியர்ல லேட்டுன்னு அவங்களே நெனச்சுக்குவாங்க. எல்லா கடையும் அதத்தான பண்ணுது. எப்படியாவது சமாளிச்சுக்குவாங்க."

"எப்படிடா சமாளிப்பாங்க? நீ சொல்லு, எப்படி?"

அவன் டேப்பின் நுனியைத் தேடிக்கொண்டிருந்தான். அவள் போனை எடுத்தாள். 

குழந்தையின் அப்பா முதல் மணியிலேயே எடுத்தார். "சொல்லுங்க மேடம், காலைல வந்துடுமா?"

"சார், நாளைக்கு வராது. வெள்ளிக்கிழமைதான் வரும். தப்பு எங்களோடது. தேதி தப்பா போட்டுட்டோம்."

 அவர் திட்டியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். பின்னால் ஒரு பெண் "என்னவாம்? என்னவாம்?" என்று கேட்பது மட்டும் கேட்டது.

"வியாழன்னு போட்டிருந்துச்சே," என்றார் கடைசியில், ஏதோ அவர்தான் தப்பாகப் படித்துவிட்டவர்போல.

"போட்டிருந்துச்சு சார். நீங்க ஹப்புக்கு நேர்ல போய் வாங்க முடியுமா? நான் அவங்களுக்கு எழுதிடறேன். உங்க அடையாள அட்டையக் காட்டுனா குடுப்பாங்க."

"எவ்வளவு நேரத்துக்குள்ள போகணும்?"

"லாரி அஞ்சுக்கு வரும். கவுண்ட்டர் ஆறரை வரைக்கும்."

"பன்னெண்டேகாலுக்கு ஒரு பஸ் இருக்கு. நாலு மணிக்குக் கொண்டுபோய் விட்டுடும். ராத்திரி ஏழரைக்கு ஒண்ணு திரும்பி வரும். அத விட்டா காலைலதான்." மூச்சு வாங்கியது. சட்டை மாற்றிக்கொண்டே பேசுகிறார் போலிருந்தது. "குடுப்பாங்கதானே மேடம்? நம்பிப் போகலாமில்ல?"

அவள் வாய் வரைக்கும் 'நிச்சயமா' வந்தது. விழுங்கிக்கொண்டாள். "நான் முழு முயற்சி பண்றேன் சார். நீங்க கிளம்புங்க. ஆனா பக்கத்து ஆஸ்பத்திரியிலயும் இப்பவே சொல்லி வெச்சிடுங்க. உங்க டாக்டருக்கும் ஒரு போன் போட்டுடுங்க."

ஆஸ்பத்திரி என்ற சொல்லைக் கேட்டதும் பின்னால் அந்தப் பெண் அழ ஆரம்பித்தாள்.

ஹப்புக்கு எழுதினாள். பார்சல் எண், வாங்க வருபவர் பெயர், போன் எண், வீட்டுக்கு அனுப்ப வேண்டாம், ஹப்பில் நேரில் வாங்கிக்கொள்வார், அனுப்பியவராகிய நாங்கள் சம்மதிக்கிறோம். ஒரு மணிக்குப் பதில் வந்தது: கோரிக்கை ஏற்கப்பட்டது. தம்பி கும்பிட்டுவிட்டுச் சாப்பிடப் போனான். அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை.

சும்மா உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று பட்டியலை எடுத்துக்கொண்டாள். முதல் காரியமாக நாலு மணியை அழித்து இரண்டு என்று மாற்றினாள். அரை மணி நேரம் கட்டுவதற்கு வேண்டும் என்று தம்பியிடம் கேட்டுத்தான் போட்டாள். பிறகு அந்த வட்டாரத்தின் நாற்பத்தொரு பின்கோடையும் வரி வரியாகப் பார்த்தாள். இருபத்தொன்பதுக்குத் தினமும் வண்டி. எட்டுக்கு வாரம் இரண்டு முறை. மூன்றுக்கு ஒரே முறை. ஒன்றுக்கு டெலிவரியே கிடையாது, நிறுத்தி நாலு மாதம் ஆகிறது. அந்த ஊர்க்காரர் யாராவது எண்ணைப் போட்டுப் பார்த்தால் அவளுடைய பக்கம் சிரித்த முகத்தோடு 'மூன்று நாளில் கிடைக்கும்' என்று சொல்லும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இவள் எழுதி வைத்தது ஏட்டில்கூட இல்லாத சுரைக்காய்.  இது ஒரு வட்டாரம். இன்னும் எத்தனை வட்டாரம் இருக்கிறது! சரிபார்த்து முடிக்கும்வரை எல்லா ஊருக்கும் தேதியை மறைத்துவிட்டாள்.

"அக்கா, தேதி இல்லாம யாரு வாங்குவா?" என்றான் சாப்பிட்டுவிட்டு வந்த தம்பி.

"வாங்க வேணாம்."

நாலரைக்குக் குழந்தையின் அப்பாவிடமிருந்து செய்தி வந்தது: 'ஹப் வாசலில் இருக்கிறேன்.' ஐந்து மணி ஆயிற்று. லாரி வரவில்லை. ஐந்தேகால், ஐந்தரை. அக்கா இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தரம் பக்கத்தைப் புதுப்பித்தாள். 'வழியில் உள்ளது.' ஆறு மணிக்கும் அதே வரி.  ஆறு பத்துக்கு அப்பா போன் செய்தார்.

"லாரி வந்துடுச்சு மேடம். உள்ள போயிடுச்சு. ஆனா இன்னைக்குப் பிரிக்க மாட்டோம், நாளைக்குக் காலைல பத்து மணிக்கு வாங்கன்னு சொல்றாங்க. அந்தா, எனக்கு எதிரதான் நிக்குது. கைக்கெட்டுற தூரத்துல நிக்குது மேடம்."

"போன அவங்ககிட்ட குடுங்க சார்."

ஹப் சூப்பர்வைசரின் குரல் களைத்துப்போன குரல். "சொல்லுங்க. நான் அவர்ட்ட சொல்லிட்டேன். ஆறு மணிக்கு மேல வர்ற லாரி காலை ஷிஃப்ட் கணக்கு. ஸ்கேன் பண்ற ஆளுங்க கிளம்பிட்டாங்க."

"சார், ஒரே ஒரு பார்சல்."

"ஒரு பார்சல் எங்க இருக்கு? அறுபது மூட்டைல ஒரு மூட்டைக்குள்ள இருக்கு. மூட்டையத் தொடணும்னா முதல்ல லாரிக்கு வருகை போடணும். வருகை போட்டா அறுபது மூட்டையும் என் தலைல ஏறிடும். ராத்திரிக்குள்ள முடிக்கலைன்னா காலைல பெரிய ஆபீஸ்லேர்ந்து கேப்பாங்க. ஸ்கேன் பண்ணாம எடுத்துக் குடுத்தா வேலையே போயிடும். உங்களுக்கென்னம்மா, தேதியப் போட்டுட்டு கூரியர் லேட்டுன்னு எழுதிடுவீங்க."

 அக்காவின் பேச்சுச் சாமர்த்தியமெல்லாம் எங்கோ ஓடிவிட்டது. கைவசம் இருந்தது உண்மை ஒன்றுதான்.

"உங்க மேல தப்பே இல்ல சார். உங்க பட்டியல்ல செவ்வாய், வெள்ளின்னு சரியாத்தான் இருக்கு. நான்தான் அந்தக் கட்டத்தப் பாக்காம வியாழன்னு போட்டுட்டேன். எங்க வண்டி நேரம் மாறுனதையும் மாத்தல. அப்படியே எழுதித் தர்றேன், உங்க பெரிய ஆபீசுக்கும் அனுப்பிடறேன். அந்த டின்ல இருக்கறது ஒரு குழந்தையோட சாப்பாடு. காலைல ஏழு மணிக்கு அதுக்குக் குடுக்க வேற எதுவும் கிடையாது. உங்க கம்பெனி பக்கத்துலயே மூட்டை எண் இருக்கு. முடிவுல நாலு, நாலு, ஒன்பது. அறுபதையும் தேட வேணாம்."

அந்தப் பக்கத்தில் யாரோ ஷட்டரை இழுக்கும் சத்தம் கேட்டது.

"பதினாலு வருஷமா இந்த வேலைல இருக்கேன்," என்றார் அவர். "தப்பு எங்களோடதுன்னு சொல்ற முதல் கடை நீங்கதான்." அவ்வளவுதான். போன் துண்டிக்கப்பட்டது.

கொடுக்கிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. ஷட்டர் ஏறியதா இறங்கியதா? தம்பி அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டான். இரண்டு பேரும் திரையையே பார்த்தார்கள். ஆறு இருபத்தைந்து. ஆறரை. கவுண்ட்டர் மூடும் நேரம் தாண்டிவிட்டது. அப்பாவுக்குப் போன் செய்தாள், எடுக்கவில்லை. அவர் போனை எடுக்காததற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம், அவளுக்குத் தோன்றியதெல்லாம் கெட்ட காரணம். தொட்டிலில் அழாமல் கிடக்கும் ஒரு குழந்தையை அவள் மனசு வேண்டாம் வேண்டாம் என்றாலும் பார்த்துக்கொண்டே இருந்தது.

ஆறு நாற்பத்திரண்டுக்கு வரி மாறியது. 'லாரி வருகை பதிவு செய்யப்பட்டது.'

"போட்டுட்டாருக்கா!" என்று தம்பி கத்தினான். அவள் அவன் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். வருகை போட்டால் போதுமா? மூட்டை கிடைக்க வேண்டும். சரியான மூட்டையில் பார்சல் இருக்க வேண்டும். ஆறு ஐம்பத்தொன்று: 'மூட்டை திறக்கப்பட்டது.' ஏழு மணி நாலு நிமிஷம்: 'ஹப்பில் நேரில் ஒப்படைக்கப்பட்டது.'

தம்பி தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். அக்கா மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். பயந்து முடித்த பிறகு வரும் அழுகை, சீக்கிரத்தில் நிற்பதாக இல்லை.

ஏழு இருபதுக்கு அப்பா அழைத்தார். பஸ் நிலையத்தின் இரைச்சல் கேட்டது.

"வாங்கிட்டேன் மேடம். கையில இருக்கு. வீட்டுக்கும் சொல்லிட்டேன்."

"மன்னிச்சுடுங்க சார்."

"மன்னிப்பெல்லாம் இருக்கட்டும்." கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் அவளைச் சுட்டது. "இத்தன நாளா நானே ரயிலேறி வாங்கிட்டு வருவேன். போக ஒரு நாள், வர ஒரு நாள். இந்தத் தடவைதான் உங்க பக்கத்தப் பாத்தேன். வியாழன்னு போட்டிருந்துச்சா, சரின்னு உக்காந்துட்டேன். தெரியாதுன்னு போட்டிருந்தா திங்கக்கிழமை ராத்திரியே ரயிலேறியிருப்பேன். அந்தத் தேதிய நம்பித்தான் மூணு நாள் சும்மா உக்காந்திருந்தேன்."

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இந்த டின் பத்து நாளைக்கு வரும். அடுத்தது எப்ப சொன்னா எப்ப வரும்? சரியாச் சொல்லுங்க."

ஏழு மாதமாக ஆயிரக்கணக்கானவர்களுக்கு யோசிக்காமல் தேதி கொடுத்தவள், இந்த ஒருவருக்குச் சொல்ல வாயைத் திறக்கப் பயந்தாள். பட்டியலை மறுபடி பார்த்தாள். அலாரம் வரும் நேரத்தைத் தம்பியிடம் மறுபடி கேட்டாள். விரல் விட்டு எண்ணினாள்.

"நாளன்னைக்கு, வெள்ளிக்கிழமை, மதியம் ரெண்டு மணிக்குள்ள சொல்லிடுங்க சார். ரெண்டரை வண்டில போகும். சனிக்கிழமை சாயங்காலம் ஹப்புக்கு வரும். செவ்வாய்க்கிழமை உங்க ஊருக்கு வண்டி ஏறும். அன்னைக்கு ஏதாவது காரணத்தால வண்டி ஏறலைன்னா அதுக்கடுத்த வெள்ளி. அந்த வெள்ளி ராத்திரி வரைக்கும் உங்க கையில மாவு இருக்கணும். இருக்கும், பத்து நாள் கணக்குல ஒரு நாள் மிச்சமே இருக்கும்."

"இந்த டின்ன இன்னும் திறக்கவே இல்ல. அதுக்குள்ள அடுத்ததா?"

"ஆமா சார். அப்படித்தான் சொல்லணும்."

அவர் மெதுவாகத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். வெள்ளி ரெண்டு மணி. செவ்வாய். இல்லேன்னா வெள்ளி. பஸ் நடத்துனர் யாரையோ ஏறச் சொல்லிக் கத்தினார்.

"இவ்வளவுதானா மேடம்?"

"இவ்வளவுதான் சார்."

"இத எழுதிப் போடுறதுல என்ன கஷ்டம்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் பஸ்ஸில் ஏறினார்.